36 சதவீதத் தடுப்பூசி எதைத் தடுக்கிறது?

நம் பள்ளிக்கூடக் கணக்கில் 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. மலேரியாவுக்கு எதிராக உலகில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி எடுத்தது 36. ஆப்பிரிக்காவின் 7 நாடுகளில் 11 இடங்களில் 15,459 குழந்தைகளிடம் நடந்த பெரிய பரிசோதனையின் இறுதி முடிவு 2015இல் வெளியானபோது, 5 முதல் 17 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு நான்கு தவணை போட்டும் நான்கு ஆண்டுகளில் குறைந்த மலேரியா அவ்வளவுதான். கைக்குழந்தைகளிடம் அதுவும் இல்லை. இரண்டு தவணையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரைக் காக்கும் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பழகிய கண்ணுக்கு இது தோல்வியாகத் தெரிவதில் வியப்பில்லை. முப்பது ஆண்டுக்கால உழைப்புக்கு இதுதானா பலன் என்று அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஆனால், அந்த எண்ணைத் தடுப்பூசியின் தரத்துக்கான மதிப்பெண்ணாகப் படிப்பதுதான் பிழை. மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்தப் புரதத்தின் மீது இந்தத் தடுப்பூசி கைவைக்கிறது என்று பார்த்தால்தான் 36 என்பது எங்கிருந்து வந்தது என்பதும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதும் புரியும்.

நோய்த்தொற்றுள்ள பெண் அனாஃபிலிஸ் கொசு கடிக்கும்போது எச்சிலோடு தோலுக்குள் விடுவது, பெரும்பாலும் சில பத்து ஒட்டுண்ணிகளை மட்டுமே. இந்தப் பருவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். நூல்துண்டு போன்ற உருவம். அவை தோலுக்குள் ஊர்ந்து, ஒரு ரத்த நுண்குழாயைக் கண்டுபிடித்து நுழைந்து, கல்லீரலைச் சேர்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் நீல் ஹாமில்டன் ஃபேர்லி நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. கொசு கடித்தவரின் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால், கடித்த அரை மணி நேரம்வரை மட்டுமே நோய் தொற்றியது. பிறகு ஏறத்தாழ ஒரு வாரம், எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பின் மீண்டும் தொற்றத் தொடங்கியது. இடைப்பட்ட நாள்களில் ஒட்டுண்ணி எங்கே போய் ஒளிந்தது? கல்லீரலில் என்று 1948இல் ஷார்ட், கார்ன்ஹம் என்ற இரு ஆங்கிலேயர்கள் குரங்குகளைக் கொண்டு நிறுவினார்கள். அங்கே ஒரு செல்லுக்குள் புகும் ஒரே ஒரு ஸ்போரோசோயிட், காய்ச்சலோ வலியோ எதையும் காட்டாமல், ஒரு வாரத்தில் பல்லாயிரம் மெரோசோயிட்டுகளாகப் பெருகி ரத்தத்தில் கொட்டுகிறது. சிவப்பணுக்களைத் தாக்கிக் காய்ச்சலையும் மரணத்தையும் கொண்டுவருபவை இவைதான். ஆக, உடலுக்குள் இந்த ஒட்டுண்ணி எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருக்கும் காலம் கடிக்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய நேரம். தடுப்பதென்றால் அங்கேதான் தடுக்க வேண்டும். அதில் தர்க்கம் இருக்கிறது.

அந்த இடத்தில் கண்ணில் படும் இலக்கு ஒன்று உண்டு. ஸ்போரோசோயிட்டின் உடல் முழுவதையும் ஒரே புரதம் கம்பளிபோல் மூடியிருக்கிறது. அதுதான் சர்க்கம்ஸ்போரோசோயிட் புரதம், சுருக்கமாக சிஎஸ்பி. இதன் நடுப்பகுதி விசித்திரமானது. அஸ்பராஜின், அலனின், அஸ்பராஜின், புரோலின் என்ற நான்கு அமினோ அமிலங்கள், அதே வரிசையில், பல்லவிபோல் ஏறத்தாழ நாற்பது முறை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு முனை ஒட்டுண்ணியின் சவ்வில் பதிந்திருக்கிறது, மறுமுனை வெளியே. தோலில் ஊரும்போது புரதம் மடிந்து, கல்லீரல் செல்லோடு ஒட்டக்கூடிய தன் பகுதியை மறைத்து வைத்திருக்கிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் சல்ஃபேட் செறிந்த ஹெப்பரான் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன; வேறு இடங்களில் அவ்வளவு செறிவு இல்லை. சிஎஸ்பி அதை உணர்ந்ததும் ஒட்டுண்ணியின் நொதி ஒன்று புரதத்தின் முன்துண்டை வெட்டி எறிகிறது. மறைந்திருந்த பகுதி வெளிப்படுகிறது. ஊர்வது நின்று உள்நுழைவது தொடங்குகிறது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சாவியை மடியிலிருந்து எடுக்கும் திருடனின் எச்சரிக்கை இது. உள்ளே போய்ப் பெருகி வெளியே வரும் மெரோசோயிட்டுகளிடம் சிஎஸ்பி கிடையாது. அவற்றின் சட்டை வேறு. இந்த ஒரு விவரத்தில்தான் தடுப்பூசியின் வலிமையும் எல்லையும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரூத் நுசன்ஸ்வைக் 1967இல் கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தி அவற்றை மலேரியாவிலிருந்து காத்தார். சில ஆண்டுகளில் மனிதர்களிடமும் அது பலித்தது. ஆனால், நம்பகமான பாதுகாப்புக்குக் கதிரியக்கப்பட்ட கொசுக்களின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிகள் தேவைப்பட்டன. அப்படிப் பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களின் ரத்தத்தில் உருவான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புரதங்கள், முதன்மையாக எதைப் பிடிக்கின்றன என்று தேடியபோது கிடைத்தது சிஎஸ்பி. 1984இல் ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணியின் சிஎஸ்பி மரபணு கைக்கு வந்தது. பின்னர் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் நிறுவனமும் இன்றைய ஜிஎஸ்கே நிறுவனமும் சேர்ந்து செய்த ஏற்பாடு எளிமையானது: அந்தப் பல்லவியின் சுமார் 19 சுற்றுகளையும் புரதத்தின் வால்பகுதியையும் வெட்டி எடுத்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் உள்ள மேற்பரப்புப் புரதத்தோடு ஒட்டி, ஈஸ்ட்டில் வளர்த்தார்கள். பல்லவியின் ஆர், டி செல்களைத் தூண்டும் பகுதியின் டி, மேற்பரப்புப் புரதத்தின் எஸ், அதோடு ஒட்டாமல் தனியாக விட்ட இன்னொரு எஸ் என்று பெயரே ஒரு பாகப்பட்டியல். 1997இல் அமெரிக்கத் தன்னார்வலர்களைக் கொசு கடிக்கவிட்டுச் சோதித்தபோது, ஏழு பேரில் ஆறு பேருக்கு நோய் வரவில்லை. ஏழில் ஆறு எங்கே, நான்கு ஆண்டுகளில் 36 எங்கே? கள நிலைமையில் என்ன நடந்துவிட்டது?

இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. தடுப்பூசி இல்லாத உடலில் ஒரு கடியிலிருந்து சராசரியாக 8 ஸ்போரோசோயிட்டுகள் கல்லீரல் செல்லுக்குள் புகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆன்டிபாடிகள் அவற்றில் பாதியைத் தடுத்தால் சராசரியாக 4 தப்பும். ஒன்றுகூடத் தப்பாமலிருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறைத் தடுத்தாலும், முழுப் பாதுகாப்பு கிடைப்பது 45 சதவீதக் கடிகளில்தான். 95ஐத் தடுத்தால் 67. 99ஐத் தடுத்தால்தான் 92. வேறு நோய்க்கிருமிகளிடம் பத்தில் ஒன்பதை வீழ்த்தினால் மீதியை உடல் சமாளித்துவிடும். இங்கே தப்பிய ஒன்றே பல்லாயிரமாகிவிடும். அந்தப் பல்லாயிரத்தின் மீது நம் ஆன்டிபாடிக்குப் பிடிப்பே இல்லை. ஆகவே ஆன்டிபாடியின் அளவு ஒரு மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை பாதுகாப்பு பிரமாதம். அந்த மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் இறங்கினாலும் பாதுகாப்பு செங்குத்தாகச் சரிகிறது. தன்னார்வலருக்குத் தடுப்பூசி போட்ட சில வாரங்களில், ஒரே முறை, கொசு கடிக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமத்துக் குழந்தையை அது மாதக்கணக்கில் கடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கடிக்கு 67 சதவீதம் தாக்குப்பிடிக்கும் குழந்தை, அத்தகைய பத்துக் கடிகளையும் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 2 சதவீதம்கூட இல்லை.

நடந்ததும் இதுதான். தடுப்பூசி போட்டதும் ஆன்டிபாடி மிக உயரத்துக்குப் போய், முதல் சில மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது. கென்யாவின் கிலிஃபியில் 447 குழந்தைகளை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று தவணை போட்டவர்களுக்கு முதலாண்டுப் பாதுகாப்பு சுமார் 36 சதவீதம். நான்காம் ஆண்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கொசுக்கடி அதிகமுள்ள பகுதிகளில், ஐந்தாம் ஆண்டில் தடுப்பூசி போட்டவர்களுக்கே அதிகமாக மலேரியா வந்தது. போடாத குழந்தைகள் அதற்குள் பலமுறை நோய்ப்பட்டு இயற்கையான எதிர்ப்பைத் தேடிக்கொண்டார்கள். போட்டவர்கள் அந்தப் பாடத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். இதை மறைத்துப் பேசுவது தடுப்பூசிக்குச் செய்யும் நன்மையல்ல. ஆனால், இதே 36 சதவீதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய பரிசோதனையில் நான்கு தவணை போட்ட ஆயிரம் குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் தவிர்க்கப்பட்ட மலேரியா 1,774 முறை. ஆயிரம் பேரிடம் ஆயிரத்தெழுநூறா என்று திகைக்க வேண்டியதில்லை. ஒரே குழந்தைக்கு ஓராண்டில் பலமுறை வரும் நோய் இது. தட்டம்மைபோல் வாழ்நாளில் ஒருமுறை வந்து போவதல்ல. அங்கே சதவீதம் சிறியதாக இருந்தாலும் எண்ணிக்கை பெரியது.

சரி, இலக்கே தவறாக இருந்தால்? சிஎஸ்பியின் நடுப்பல்லவி ஒட்டுண்ணி வீசும் மாயவலை. உடல் அதன் மீதே ஆன்டிபாடிகளை வீணடிக்கட்டும் என்பதற்காகத்தான் அது நாற்பது முறை திரும்ப வருகிறது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது. மாயவலை என்றால் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யக்கூடாது. ஆனால், போதிய அளவில் பிடித்தால் ஸ்போரோசோயிட் தோலிலேயே ஊர முடியாமல் நின்றுவிடுகிறது. பாம்பு சட்டையுரிப்பதுபோல் புரத உறையைப் பின்பக்கமாகக் கழற்றிவிட்டு வலுவிழந்து போவதையும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். பல்லவி அமைப்பே சில ஆன்டிபாடிகளுக்கு உதவவும் செய்கிறது: ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து அமரும் ஆன்டிபாடிகள் ஒன்றையொன்று தொட்டுப் பிடிமானத்தை இறுக்கிக்கொள்கின்றன. மேலும், ஃபால்சிபாரம் வகைகள் எல்லாவற்றிலும் இந்தப் பல்லவி மாறாமல் இருக்கிறது. மாறுவது வால்பகுதி. பரிசோதனையில் நோய்ப்பட்ட குழந்தைகளின் ஒட்டுண்ணி மரபணுக்களைப் படித்தபோது, தடுப்பூசியின் வால்பகுதியோடு பொருந்திய ஒட்டுண்ணிகளுக்கு எதிராக ஓராண்டுப் பாதுகாப்பு சுமார் 50 சதவீதமும், பொருந்தாதவற்றுக்கு எதிராக 33 சதவீதமும் இருந்தது. ஆக, இந்தக் குற்றச்சாட்டில் மிஞ்சுவது வேறொன்று: பல்லவியும் முன்பகுதியும் சந்திக்கும் இடத்தை ஆர்டிஎஸ்,எஸ் விட்டுவிட்டது. அந்தச் சந்திப்பைப் பிடிக்கும் சிஐஎஸ்43 என்ற ஆன்டிபாடியை நேரடியாக ஊசி வழியே மாலி நாட்டில் பெரியவர்களுக்குச் செலுத்தியபோது, அதிக அளவு பெற்றவர்களிடம் ஆறு மாத மலேரியாப் பருவம் முழுவதும் 88 சதவீதத் தொற்று தடுக்கப்பட்டது. சிஎஸ்பி தவறான இலக்கு அல்ல என்பதற்கும், அளவு போதிய மட்டத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இதிலிருந்து ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கிறது. இவற்றைக் கல்லீரல் பருவத் தடுப்பூசிகள் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் இவை கல்லீரலின் வாசலில் நிற்பவை. உள்ளே புகுந்த ஒட்டுண்ணியை ஆன்டிபாடி எட்ட முடியாது. தொற்றிய செல்லையே கண்டுபிடித்து அழிக்கும் கொல்லி டி செல்கள் வேண்டும். கல்லீரலில் உள்ள கோடானுகோடி செல்களில் தொற்றியவை சில பத்து. அவற்றை ஒரு வாரத்துக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். ஆர்டிஎஸ்,எஸ் அந்த வகை டி செல்களைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. அதற்கென்றே வைரஸ் வாகனத்தில் ஏற்றிச் செய்த வேறொரு தடுப்பூசி, பெரியவர்களிடம் நம்பிக்கை அளித்துவிட்டு, புர்கினா ஃபாசோவின் குழந்தைகளிடம் பலனளிக்கவில்லை. இப்போது நம்பிக்கை தருவது பழைய வழியின் புதிய வடிவம்: மரபணு நீக்கத்தால் கல்லீரலுக்குள் போய் ஏறத்தாழ ஒரு வாரம் வளர்ந்து, ரத்தத்துக்கு வருமுன் செத்துப்போகும் ஒட்டுண்ணி. நெதர்லாந்தின் லைடன் குழு 2024இல் வெளியிட்ட முடிவில், நீண்ட நாள் வளரும் வகையைப் பெற்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் பாதுகாக்கப்பட்டார்கள். முதல் நாளிலேயே நின்றுவிடும் வகையைப் பெற்ற எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே. கல்லீரலுக்குள் ஒட்டுண்ணி கூடுதல் நாள்கள் இருந்து, சிஎஸ்பி தவிர்ந்த மற்ற புரதங்களையும் உடலுக்குக் காட்டுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால், உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொசுவில் வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு அது எப்போது போய்ச் சேரும் என்று கேட்டால் ஆய்வகத்தில் பதில் இல்லை.

புணேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் கொண்டுவந்த ஆர்21 இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. பருவ மலேரியா உள்ள இடங்களில் ஓராண்டுக்கு 75 சதவீதம், ஆண்டு முழுவதும் பரவும் இடங்களில் 68 சதவீதம் என்ற அதன் எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. அது எடுத்துக்கொண்டதும் சிஎஸ்பியின் அதே பகுதியைத்தான். தனியாக விட்டிருந்த ஹெபடைடிஸ் புரதத்தை நீக்கியதால் ஒவ்வொரு துகளிலும் சிஎஸ்பி அடர்த்தி கூடியிருக்கிறது. மேட்ரிக்ஸ்-எம் என்ற ஊக்கி சேர்த்திருக்கிறார்கள். விலை குறைவு, கோடிக்கணக்கில் தயாரிக்க முடியும் என்பவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால், இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே ஆண்டில் நேருக்கு நேர் வைத்துப் பெறாத எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 36ஐ 75 வென்றது என்பது முறையான ஒப்பீடல்ல. 36 என்பது நான்கு ஆண்டுக் கணக்கு. 75 என்பது, மழைக்கு முன்பே ஊசி போட்டு எடுத்த ஓராண்டுக் கணக்கு. ஆர்டிஎஸ்,எஸ்ஸின் முதலாண்டுக் கணக்கும் ஐம்பதைத் தாண்டியதுதான்.

மழைக்கு முன்பே என்பதில்தான் என் வாதமும் வந்து நிற்கிறது. பாதுகாப்பு ஒரு மட்டத்துக்கு மேல் இருக்கும் சில மாதங்களுக்குத்தான் என்றால், அந்த மாதங்களைக் கொசு பெருகும் மாதங்களோடு பொருத்த வேண்டியது நம் வேலை. புர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் ஏறத்தாழ 5,900 குழந்தைகளிடம் ஆர்டிஎஸ்,எஸ்ஸைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார்கள். முதலாண்டு மூன்று தவணை, பிறகு ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் ஒரு தவணை. கூடவே, அங்கே ஏற்கெனவே நடைமுறையில் உள்ள பருவகால மாத்திரைகள். மாத்திரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இரண்டும் பெற்றவர்களிடம் மலேரியா 63 சதவீதமும், மலேரியா மரணங்கள் 73 சதவீதமும் குறைந்தன. மருந்து அதே பழைய 36 மதிப்பெண் மருந்துதான், மாறியது நாள்காட்டி. வாசலில் தப்பிய ஒட்டுண்ணியை ரத்தத்தில் மாத்திரை பிடித்துக்கொள்கிறது என்ற விளக்கமும் மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. தடுப்பூசி பாதுகாப்பானதா என்ற ஐயங்களும் எழுந்தன. பெரிய பரிசோதனையில் தடுப்பூசி போட்டவர்களிடம் மூளைக்காய்ச்சல் கூடுதலாகவும், பெண் குழந்தைகளின் இறப்பு கூடுதலாகவும் தெரிந்ததால், உலக சுகாதார நிறுவனம் அவசரப்படாமல் 2019இல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் முன்னோட்டத்தைத் தொடங்கியது. இருபது லட்சம் குழந்தைகளைத் தொட்ட அந்த முன்னோட்டத்தில் அந்த அறிகுறிகள் மீண்டும் தென்படவில்லை. விபத்துகள் நீங்கலாகக் குழந்தை இறப்பு 13 சதவீதம் குறைந்தது.

நம் ஊரில் தயாராகும் தடுப்பூசி நம் குழந்தைகளுக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பதில் அந்தப் பல்லவியில்தான் இருக்கிறது. இரண்டு தடுப்பூசிகளும் ஃபால்சிபாரத்தின் சிஎஸ்பியைக் கொண்டவை. சென்னையின் மாடித்தொட்டிக் கொசுக்கள் பரப்பிவந்தது பெரும்பாலும் விவாக்ஸ். அதன் பல்லவி வேறு வரிசை, ஆன்டிபாடி அதை அடையாளம் காணாது. விவாக்ஸ் கல்லீரலுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. ஏற்கெனவே உள்ளே உறங்குவதை வாசல் காவலால் ஒன்றும் செய்ய முடியாது. ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் ஃபால்சிபாரம் உண்டு. அங்கேயும் ஒரு குழந்தைக்கு ஆண்டில் பலமுறை நோய் வரும் ஆப்பிரிக்க நிலைமை இல்லாதபோது, இதே ஊசி தவிர்க்கும் நோய்களின் எண்ணிக்கை சுருங்கிவிடும். அந்தப் பணத்தைப் பரிசோதனைக்கும் கொசுவலைக்கும் செலவிடுவதே இப்போதைக்குச் சரி.

ஆப்பிரிக்காவில் இப்போது முன்னுள்ள சிக்கல் புரதத்தைப் பற்றியதே அல்ல. முதல் மூன்று தவணைக்கு வரும் தாய்மார்களில் பலர், குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது போட வேண்டிய நான்காவதுக்கு வருவதில்லை. அந்த வயதில் வேறு எந்த ஊசிக்கும் சுகாதார நிலையம் போக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆன்டிபாடி மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் காலமும் அதுதான். கானா அந்த நான்காம் தவணையை 24ஆம் மாதத்திலிருந்து, தட்டம்மையின் இரண்டாம் தவணைக்காக எப்படியும் வர வேண்டியிருக்கும் 18ஆம் மாதத்துக்கு மாற்றிக்கொண்டது.